பெட்ரோல் செலவைப் பகிர்ந்தால் வாடகைக் காரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொல்லிமலையில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள், செவிலியர்கள், அலுவலக ஊழியர்களில் பலர் கீழே நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி பக்கம்தான் குடியிருக்கிறோம். காலையில் காரவள்ளியில் மலையேறத் தொடங்கி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காடு, செம்மேடு என்று அவரவர் இடத்துக்குப் பிரிந்து போகிறோம். பஸ் இல்லாமல் இல்லை. ஆனால் செம்மேட்டில் இறங்கிய பிறகு உள்கிராமப் பள்ளிக்கு எப்படிப் போவது என்பதுதான் கேள்வி. முதல் மணி அடிப்பதற்குள் வகுப்பில் நிற்க வேண்டும். அதனால் கார் வைத்திருக்கும் ஒருவரோடு மூன்று பேர் சேர்ந்து கொண்டு, பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக் கொள்வது இங்கே வெகுநாளாக உள்ள வழக்கம். அந்த வழக்கத்தை வாடகைக்கு ஆள் ஏற்றுவதாக எழுதி அபராதம் போடுவதைக் கண்டித்தே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் அடிவாரச் சாலையில் நடந்த சோதனையில் எங்கள் கார் நிறுத்தப்பட்டது. ஓட்டி வந்தவர் எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ், புகைச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. பின்சீட்டில் இருந்த எங்களைப் பார்த்து, "சாருக்கு மாசம் எவ்வளவு தர்றீங்க?" என்று அதிகாரி கேட்டார். மறைக்க எதுவும் இல்லாததால் உண்மையைச் சொன்னோம். உடனே, "ஓன் போர்டு வண்டியில காசு வாங்கி ஆள் ஏத்துறீங்க. பர்மிட் எங்கே?" என்று கேட்டு, என் போனை வாங்கிப் பணம் அனுப்பிய பதிவுகளைப் பார்த்தார், அபராதமும் போட்டார். அவர் அந்தப் பதிவுகளை நிதானமாகப் படித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. வேலைநாள் முழுதாக இருந்த மாதத்தில் 3,850 ரூபாய், அரையாண்டு விடுமுறை வந்த டிசம்பரில் 2,975 ரூபாய், மே மாதத்தில் ஒரு பைசாவும் இல்லை. வாடகைக்கு வண்டி ஓட்டுகிற எவரும் இப்படி வாங்குவதில்லை.

அந்தத் தொகை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லிலிருந்து செம்மேடு போய்வர ஏறத்தாழ 100 கி.மீ. சமவெளியில் லிட்டருக்கு 18 கி.மீ. தரும் கார், இரண்டாவது கியரிலேயே வளைவேறும்போது அதில் பாதிதான் தரும். ஏற்றம், இறக்கம், சமவெளி எல்லாம் கலந்து சராசரி 14 என்று வைத்தால் நாளுக்கு 7 லிட்டர், லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில் 700 ரூபாய். 22 வேலைநாளுக்கு 15,400 ஆகிறது. காரின் சொந்தக்காரரையும் சேர்த்து நான்கு பங்கு போட்டால் தலைக்கு 3,850. இது பெட்ரோல் மட்டும்தான். மலையில் ஓடும் வண்டிக்கு பிரேக் பேடும் கிளட்சும் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பது இங்குள்ள மெக்கானிக்குகளைக் கேட்டால் தெரியும். டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் அவர் கைக்காசு. மாதா மாதம் நஷ்டப்பட்டு எங்களை ஏற்றிப் போகிறவரைத்தான் வாடகைக்கு ஓட்டுகிறார் என்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாடகைக்கோ கைம்மாறுக்கோ பயணிகளை ஏற்றும் எந்த வண்டியையும் பொதுப் பயணச் சேவை வாகனம் என்கிறது. அத்தகைய வண்டிக்கு 66ஆம் பிரிவின்படி பர்மிட் வேண்டும். இல்லாமல் ஓட்டினால் 192-ஏ பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. வண்டியைப் பிடித்து வைக்கவும் 207ஆம் பிரிவு இடம் தருகிறது. இத்தனை கடுமையான சட்டம், கைம்மாறு என்றால் என்ன என்பதை மட்டும் விளக்கவில்லை. லாபம் வேண்டுமா, செலவுப் பங்கும் அதில் அடங்குமா என்று ஒரு வரி கூட இல்லை. அந்த வெற்றிடத்தைச் சாலையில் நிற்கும் அதிகாரி தன் விருப்பப்படி நிரப்பிக் கொள்கிறார். ஒருவர் சிரித்துக்கொண்டே அனுப்பி விடுகிறார், இன்னொருவர் ரசீது புத்தகத்தை எடுக்கிறார்.

பணமே கைமாறாமல் ஏற்றிப் போனால் பிரச்சினை இல்லை. கார் உள்ள நால்வர் ஆளுக்கொரு வாரம் தத்தம் காரை எடுப்பதும் பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால் எங்கள் நால்வரில் கார் இருப்பது ஒருவரிடம். மற்றவர்களிடம் இருப்பது ஸ்கூட்டி. மழைக்காலத்துப் பனிமூட்டத்தில் அதில் இந்த மலையேறச் சொல்ல யாருக்கும் மனம் வராது. பணத்தைச் சாரிடம் தராமல் பெட்ரோல் பங்கிலேயே நேராகக் கட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். யார் கையில் கொடுத்தாலும் பயன் அவருக்குத்தான் என்பதால், அதையும் கைம்மாறு என்று வாதிட இடம் இருக்கிறது. டி போர்டு வண்டியை மாத வாடகைக்கு அமர்த்துவது முழுக்கச் சட்டப்படியானது. ஆனால் அந்த வண்டியும் டிரைவரும் மாலை வரை மலையில் சும்மா நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்புக் கூலியும் எங்கள் தலையில்தான் விழும்.

டாக்ஸி ஓட்டுகிறவர்களின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சனி, ஞாயிறுகளில் ஆகாய கங்கை பார்க்க வரும் கூட்டத்தை ஓன் போர்டு கார்களில் ஏற்றித் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வரி, எஃப்.சி., பர்மிட் எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்டு ஸ்டாண்டில் காத்திருப்பவரின் வயிற்றில் அடிக்கும் செயல் அது. பிடிக்க வேண்டியது அவர்களை. வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாததும் அல்ல. காரின் சொந்தக்காரர் தன் வேலைக்காக எப்படியும் அந்த வழியில் போகிறாரா, கூட வருவது தினமும் அதே முகங்களா, வாங்கும் தொகை செலவைத் தாண்டுகிறதா என்று பார்த்தாலே போதும். பணிபுரியும் இடத்தின் அடையாள அட்டையும் பெட்ரோல் ரசீதுகளும் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். ஒன்றை மட்டும் மற்ற குழுக்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். வேலைநாள் குறைந்தாலும் கூடினாலும் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கொடுக்காதீர்கள். விடுமுறை மாதத்தில் அது செலவை மீறிவிடும், அப்போது அதைக் கட்டணம் என்று சொல்பவருக்குப் பதில் சொல்ல முடியாது.

அபராதத்தை விடப் பெரிய அச்சம் இன்சூரன்ஸ். தனியார் கார் பாலிசியில், வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பகுதியில், வாடகைக்கோ கைம்மாறுக்கோ பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. எங்கள் காரின் மீது வாடகைக்கு ஓட்டியதாக ஒரு பதிவு இருந்து, நாளை ஏதோ ஒரு வளைவில் விபத்து நேர்ந்தால், இழப்பீட்டை மறுக்க அந்தத் தாளையே இன்சூரன்ஸ் நிறுவனம் தீர்ப்பாயத்தில் காட்டலாம். பத்தாயிரம் ரூபாயைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். ஒரு குடும்பத்தின் இழப்பீட்டை எந்தக் கடனால் ஈடுகட்டுவது? இதோடு சேர்த்து, காரில் கூட்டாகப் போகிற ஒவ்வொருவரும் அந்த வண்டியின் பாலிசி எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் தனியார் காருக்குள் இருக்கும் பயணிக்கு அது பொறுப்பேற்காது. பேக்கேஜ் பாலிசி உள்ளே இருப்பவர்களையும் காக்கும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் தெளிவுபடுத்தியது, உச்ச நீதிமன்றமும் 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் அந்த நிலையை ஏற்றது. ஆனால் அந்தப் பாதுகாப்பையும் 'வாடகை' என்ற ஒரு சொல் சிக்கலாக்கிவிடும்.

இதற்கு வழியே இல்லை என்றால் பொறுத்துக் கொள்ளலாம். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 150ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாத வண்டியில், முன்கூட்டியே பேசிக் கொண்டு, பயணச் செலவையும் தேய்மானத்தையும் தாண்டாமல் பணம் வாங்கினால் அதை இன்சூரன்ஸ் விஷயத்தில் வாடகையாகக் கருதக் கூடாது என்கிறது. நம் மத்திய அரசும் 2020 நவம்பரில் செயலி நிறுவனங்களுக்கான வழிகாட்டுதலில், மாநில அரசு தடுக்காத வரை சொந்தக் கார்களைப் பகிரலாம் என்றது. ஆனால் நகருக்குள் நாளுக்கு நான்கு பயணம், ஊர்விட்டு ஊர் வாரத்துக்கு இரண்டே பயணம் என்று வரம்பு போட்டது. தினமும் ஏறி இறங்குகிற எங்களுக்கு அது உதவாது. பெருநகரத்துச் செயலிகளை மனத்தில் வைத்து எழுதிய விதி அது, செயலியே இல்லாமல் பள்ளிக்கூட வராந்தாவில் பேசி முடிவெடுக்கும் நால்வரை அது நினைத்துப் பார்க்கவில்லை. 2023இல் பெங்களூரில் டாக்ஸி சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு வெள்ளைப் பலகைக் கார்களைச் செயலி வழியே பகிர அனுமதி இல்லை என்று கர்நாடக அரசு சொன்னபோதும் பேச்சு செயலிகளைப் பற்றியே இருந்தது. 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதலோ, சொந்த பைக்கில் கட்டணத்துக்கு ஆள் ஏற்றுவதையே மாநில அரசுகள் அனுமதிக்கலாம் என்கிறது. முன்பின் தெரியாதவரை லாபத்துக்கு ஏற்றலாம், பக்கத்து வகுப்பு டீச்சரை லாபமின்றி ஏற்றினால் குற்றம் என்பது என்ன நியாயம்?

தமிழ்நாடு அரசு புதிய சட்டம் எதுவும் இயற்ற வேண்டாம். 2019 திருத்தம் 67ஆம் பிரிவில் சேர்த்த மூன்றாவது உட்பிரிவு, கிராமப்புறப் போக்குவரத்துக்காகவும் கடைசி மைல் இணைப்புக்காகவும் அரசிதழ் அறிவிப்பு மூலம் திட்டம் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. மலைப்பகுதியில் பணிபுரிவோர் தங்களுக்குள் காரைப் பகிரலாம், தொகை செலவுப் பங்கைத் தாண்டக் கூடாது, பேக்கேஜ் பாலிசி கட்டாயம், பகிர்வோரின் பட்டியலில் பணிபுரியும் அலுவலகத்தின் முத்திரை இருக்க வேண்டும் என்று ஒரு பக்க அறிவிப்பு போதும். ஏற்காட்டிலும் ஜவ்வாது மலையிலும் வேலை பார்க்கிறவர்களுக்கும் அது பயன்படும். அந்த அறிவிப்பு வரும் வரையாவது, செலவுக் கணக்கைக் காட்டுகிற ஊழியர்கள் மீது 192-ஏ பிரிவைப் போட வேண்டாம் என்று போக்குவரத்து ஆணையர் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அது வந்தாக வேண்டும். ஏனென்றால் அபராதத்துக்குப் பிறகு எங்கள் கணக்கு ஆசிரியர் இனி யாரையும் ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டார். எங்களில் ஒருவர் கீழே இறங்கப் பணிமாறுதல் மனு எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
மலைப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.