‘கச்ரா’ விளம்பரம்: சிரிப்பு யார் தலையில் விழுகிறது?

2023 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்றையொட்டி சொமேட்டோ நிறுவனம் பிளாஸ்டிக் மறுசுழற்சி பற்றி ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. 2001இல் வந்த ‘லகான்’ படத்தில் கச்ராவாக நடித்த ஆதித்ய லக்கியாவே இதிலும் நடித்திருந்தார். இந்தியில் கச்ரா என்றால் குப்பை. குப்பையிலிருந்து என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்ட, அந்த மனிதரையே விளக்காக, காகிதமாக, பூவாளியாக, மேல்சட்டையாக ஆக்கிக் காட்டினார்கள். கண்டனம் கிளம்பியது. ‘மசான்’ இயக்குநரும் தன்னைத் தலித் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவருமான நீரஜ் கய்வான் கடுமையாக எழுதினார். சில நாட்களில் படம் நீக்கப்பட்டது. நகைச்சுவையாக விழிப்புணர்வு ஊட்டுவதே எங்கள் நோக்கம், அறியாமல் சில சமூகங்களின் உணர்வுகளைப் புண்படுத்தியிருக்கலாம் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. தேசிய பட்டியல் சாதியினர் ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது.

செய்தி இங்கே முடிந்துவிட்டது. ஆனால் சாதி, பாலினம், மதம், வட்டாரம் எதையும் இழிவுபடுத்தாமல் ஒரு குறும்விளம்பரத்தில் சிரிக்கவைப்பது எப்படி என்று கேட்கிறவர்கள் இந்தப் படத்தைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் இதில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. சாதியின் பெயர் இல்லை. யாரும் யாரையும் ஏசவில்லை. தணிக்கைக்காரர் தேடும் எதுவும் அகப்படாது.

குறும்விளம்பரத்தில் கதாபாத்திரத்தை அறிமுகப்படுத்த நேரம் கிடையாது. பார்க்கிறவர் தலைக்குள் ஏற்கெனவே இருப்பதை ஒரு முகம், ஒரு பெயர், ஒரு பேச்சுவழக்கு கொண்டு தட்டி எழுப்பினால்தான் சிரிப்பு வரும். நம் சமூகத்தின் தலைக்குள் ஏற்கெனவே இருப்பவற்றில் பெரும்பகுதி சாதிதான். எழுதுகிறவர் சாதியைப் பற்றி எழுத உட்கார வேண்டியதில்லை, குறுக்குவழியில் போனாலே போதும்.

கச்ரா விளம்பரத்தின் சிரிப்பு இரண்டு படியில் வேலை செய்கிறது. முதல் படி சிலேடை: அந்த ஆளின் பெயரும் குப்பை, நாம் பேசுவதும் குப்பை. இரண்டாவது படி நினைவு: ‘அட, லகான் கச்ரா!’ இந்த இரண்டாவது படியில்தான் சிக்கல். லகானை நினைவில் வைத்திருப்பவருக்கு, ஊருக்கு ஒதுங்கி நிற்கும், அதிகம் பேசாத அந்த மனிதரைத் தொட மறுத்து மொத்த அணியும் பின்வாங்கும் காட்சியும் நினைவில் இருக்கும். அவருக்கு ஏன் அந்தப் பெயர் என்பதும் புரியும். சூத்திரருக்கு இழிவைக் குறிக்கும் பெயரே இட வேண்டும் என்று மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் விதித்திருக்கிறது. அந்த விதியின் நீண்ட நிழலில் விழுந்த பெயர் அது. நகைச்சுவை புரிய வேண்டுமானால் தீண்டாமை நினைவுக்கு வந்தாக வேண்டும். வந்த பிறகு, அதைக் கண்டுகொள்ளாமல் சிரிக்கச் சொல்கிறது விளம்பரம்.

(நம்மூரில் குப்புசாமி என்ற பெயரும் குப்பையோடு தொடர்புடையதுதான். முந்தைய குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள், இதையாவது எமன் சீண்டாமலிருக்கட்டும் என்று வைத்த பெயர். பல சாதிகளிலும் உண்டு. சொல் ஒன்றுதான். அதை வைத்தவர் யார், கூப்பிடுகிறவர் யார் என்பதில்தான் வேறுபாடு.)

சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கச்ராவுக்குப் பதிலாக லகானின் நாயகன் புவனை அந்தப் பூவாளியின் இடத்தில் வையுங்கள். சிரிப்பு வராது. அப்படியானால் சிரிப்பு பூவாளியில் இல்லை, அந்த மனிதரின் பிறப்பில் இருக்கிறது. நான் பார்க்கும் இன்னொன்று வினைச்சொற்கள். படத்தில் யார் என்ன செய்கிறார் என்று எழுதிப் பாருங்கள். மற்றவர்கள் உடுத்துகிறார்கள், எழுதுகிறார்கள், நீர் ஊற்றுகிறார்கள். அவர் பயன்படுகிறார். அவ்வளவுதான் அவர் வேலை. வசனத்தைப் படிக்கிறவருக்கு இது தெரியாது. காட்சிப் பட்டியலைப் படித்தால் தெரியும்.

‘யார் மனமும் புண்படக் கூடாது’ என்ற அளவுகோலை நான் ஏற்பதில்லை. 2020 அக்டோபரில் தனிஷ்க் ஒரு விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. இஸ்லாமியக் குடும்பம் ஒன்று தன் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிற காட்சி. அதிலும் ‘மனம் புண்பட்டது’ என்றார்கள். அங்கே இழிவுபட்டவர் யாருமில்லை, கலந்து வாழ்வதைப் பொறுக்காதவர்களின் எரிச்சல் மட்டுமே இருந்தது. இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றத்தின் நெறிமுறையிலும் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று, கடுமையாகவோ பரவலாகவோ புண்படுத்தக் கூடாது என்பது. மற்றொன்று, இனம், சாதி, பாலினம் போன்றவற்றை எள்ளி நகையாடக் கூடாது என்பது. முதலாவது தலைகளை எண்ணுகிறது, கூட்டம் பெரிதாக இருந்தால் வெல்லும். இரண்டாவதற்கு எண்ணிக்கை வேண்டாம், ஒரே ஒருவர் கண்டாலும் இழிவு இழிவுதான். விளம்பரம் எழுதுகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டியது இரண்டாவதை.

சரி, அதே பொருளில் சிரிக்கும்படி ஒன்று எழுத முடியுமா? எழுதிப் பார்க்கலாம். பிளாஸ்டிக் குப்பையில் உண்மையான வேடிக்கை எங்கே இருக்கிறது? வரவழைத்துச் சாப்பிடுகிறவர் வீட்டில்தான். ஒரு பிரியாணிக்கு ஏழு டப்பா. தயிர்ப் பச்சடி ஒன்றில், கத்திரிக்காய் இன்னொன்றில், வெங்காயம் இரண்டு துண்டு தனியாக. சமையலறை அலமாரியைத் திறந்தால் கழுவிக் கவிழ்த்த டப்பாக்கள் சரிந்து விழுகின்றன. ‘எதுக்காவது ஆகும்’ என்று ஒரு குரல். எந்த டப்பாவுக்கும் மூடி பொருந்தவில்லை. இதற்கு எல்லா வீட்டிலும் சிரிப்பார்கள்.

இனிதான் கவனம் வேண்டும். அந்தக் குரல் யாருடையது? கை தானாக ‘அம்மா’ என்று எழுதும். அப்படி எழுதினால் அலமாரியும் அம்மாவுடையதாகிவிடும். அப்பாவைச் சேர்த்துவைக்கிறவராகவும் அம்மாவைத் தலையில் டப்பா விழுந்து முறைப்பவராகவும் மாற்றினால், சிரிப்பு குறையவில்லை, கூடுகிறது. உணவு கொண்டுவரும் இளைஞருக்கு மெட்ராஸ் பாஷையும் வீட்டுக்காரருக்குப் பொதுத்தமிழும் கொடுக்கும் பழக்கத்தை வெட்டுங்கள். கொச்சை பேசினால் எல்லோரும் பேசட்டும். பிரியாணிக்குப் பதில் சாம்பார் வைத்தால் ‘பாதுகாப்பு’ என்று யாராவது சொல்வார்கள். அது பாதுகாப்பு அல்ல, சிலருடைய தட்டைப் பொதுத்தட்டாக்கும் வேலை. இதே நிறுவனம் 2024 மார்ச்சில் ‘சுத்த சைவ’ உணவுக்கென்று பச்சைச் சீருடைக் குழுவை அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் ஒரே நாளில் அந்தச் சீருடையைக் கைவிட்டதை மறக்க வேண்டாம்.

தூய்மைப் பணியாளர் படத்தில் வரலாமா? வரலாம். வந்தால் அவருக்கும் ஒரு பகடி வரி இருக்க வேண்டும். இரண்டு துண்டு வெங்காயம் வந்த டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டு, “வெங்காயத்துக்கே தனி வீடா சார்?” என்று அவர் கேட்டால், சிரிப்பு அவர் கையில் இருக்கும். பின்னணியில் சோக இசையோடு அவரைக் கும்பிடுவதும் வேண்டாம். அது இன்னொரு வகையில் பொருளாக்குவது.

இந்த வரைவில் கடைசியில் சிரிக்கப்படுவது வாடிக்கையாளரும், ஏழு டப்பா அனுப்பிய நிறுவனமும். முதலாவதை விளம்பரதாரர் சகித்துக்கொள்வார். இரண்டாவதைத்தான் முதல் கூட்டத்திலேயே வெட்டச் சொல்வார். வெட்டிய இடத்தை நிரப்ப, கேள்வி கேட்காத, நீதிமன்றம் போகாத, கூட்டம் சேர்க்க முடியாத ஒரு முகத்தைத் தேடுவார்கள். கச்ரா வந்தது அந்த வழியாகத்தான் என்பது என் ஊகம்.