‘ஐ அக்ரி’ அமுக்கினா போதுமா?

இன்டர்னல்ல இப்படி ஒரு கேள்வி வருதுன்னு வைங்க. ஒரு டெலிமெடிசின் ஆப், மருத்துவ ஆலோசனைக்காக உங்க தகவலைக் கேட்குது. கூடவே போன்ல இருக்கிற கான்டாக்ட் லிஸ்டையும் கேட்குது. பயனர் ரெண்டுக்கும் சம்மதம் கொடுத்துட்டார். கான்டாக்ட் லிஸ்டை ஆப் எடுக்கலாமா?

“அதான் சம்மதிச்சிட்டாரே”ன்னு கை தானாக ‘எடுக்கலாம்’ பக்கம் போகும். ஆனால் சரியான விடை ‘கூடாது’. இந்த உதாரணம் நம்ம டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-லயே, 6ஆம் பிரிவுல இருக்கு. சொன்ன நோக்கத்துக்கு எந்தத் தரவு தேவையோ, சம்மதம் அதுவரைக்கும்தான் செல்லும். டாக்டரோட பேச உங்க மாமாவோட நம்பர் எதுக்கு?

ஆனா நம்ம கொஸ்டின் பேங்க்கைப் பாருங்க. சம்மதம் சுதந்திரமானதா, குறிப்பானதா, தகவலறிந்ததா, நிபந்தனையற்றதா, தெளிவானதா இருக்கணும். இந்த அஞ்சுல எது இல்லைன்னு கேட்டு முடிச்சிடுவாங்க. மனப்பாடம் பண்ணவங்களுக்கு ஒரு மார்க். கான்டாக்ட் லிஸ்ட் கேள்வியை அவங்களும் தப்பா போடலாம்.

இன்னொரு வகை இதைவிட மோசம். “தனிநபர் தரவை எந்த அடிப்படையில் கையாளலாம்?”னு கேட்பாங்க, எந்த நாட்டுச் சட்டம்னு சொல்ல மாட்டாங்க. ஐரோப்பாவோட ஜிடிபிஆர்ல ஆறு அடிப்படைகள் உண்டு. ஒப்பந்தம், ‘லெஜிடிமேட் இன்ட்ரஸ்ட்’ எல்லாம் அதுல வரும். நம்ம சட்டத்துல ரெண்டே வழி: ஒண்ணு சம்மதம், இல்லன்னா 7ஆம் பிரிவு பட்டியல் போட்டிருக்கிற ‘லெஜிடிமேட் யூஸ்’. பேர் ஒரே மாதிரி இருந்தாலும் விஷயம் வேற. ஐரோப்பாவுல நிறுவனம் தன் தேவையை எடைபோட்டு வாதாடலாம். இங்க அந்தப் பட்டியலுக்குள்ள வந்தாகணும். சட்டத்தோட பேரைச் சொல்லாத கேள்விக்கு ரெண்டு விடை உண்டு. அது மாணவர் தப்பு இல்ல, கேள்வியோட தப்பு.

‘சம்மதம் மட்டுமே’ன்னு ஒரு ஆப்ஷன் இருந்தா அதுவும் தப்பு. மருந்துக்கடையில பில்லை எஸ்எம்எஸ்ல அனுப்பச் சொல்லி நீங்களே நம்பர் கொடுக்கறீங்க. அது 7ஆம் பிரிவுல வந்துடும், தனியா செக்பாக்ஸ் வேண்டாம். அதே நம்பருக்கு அடுத்த வாரம் சத்து மாவு ஆஃபர் வந்தா? நீங்க கொடுத்தது பில்லுக்கு, ஆஃபருக்கு இல்ல. அதுக்குத் தனியா சம்மதம் வாங்கணும்.

எனக்குப் பிடிச்ச கேள்வி எப்படி இருக்கும்னா: நம்ம சிம்போசியம் ஃபார்ம்ல பேர், கல்லூரி, மொபைல், அப்பாவோட வேலை கேட்கறாங்க. கீழே ஒரே ஒரு டிக்: ‘எல்லாத்துக்கும் சம்மதம், ஸ்பான்சருக்கும் பகிரலாம்’. அது டிக் ஆகியே வருது. நிரப்பறது 17 வயசு முதலாமாண்டு மாணவி. எத்தனை இடத்துல தப்பு?

நான் எண்ணினது நாலு. அப்பாவோட வேலை தேவையில்லை. பதிவையும் ஸ்பான்சரையும் ஒண்ணா கட்டியது தப்பு. முன்னாடியே விழுந்த டிக், அவங்களா செஞ்ச செயல் ஆகாது. 18 வயசு ஆகாததால, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேணும். அஞ்சாவது கண்டுபிடிச்சா எடிட்டோரியல் டீமுக்கு எழுதுங்க.