மருந்தடித்தவருக்கு வந்தது வெயில் மயக்கமா?

பருத்திக் காட்டில் மருந்தடித்துவிட்டு வந்த கூலியாள் வீட்டில் சுருண்டு படுத்துவிட்டார் என்று சேதி வந்தால், நிலத்துக்காரர் வாயிலிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "வெறும் வயித்தோட வெயில்ல நின்னிருப்பான். மோரைக் குடிச்சிட்டுப் படுக்கச் சொல்லு, காலையில சரியாப் போயிடும்." இதற்குத் துணையாக இன்னும் மூன்று வாதங்கள் வரும். மூக்கில் துண்டு கட்டச் சொன்னோம், கட்டிக்கொண்டுதான் அடித்தார். நாங்களும் இருபது வருஷமாக இதே மருந்தைத்தான் அடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போடப் போகிறார்கள், எந்த மருந்து என்று அங்கே ஒப்பிக்க வேண்டியதில்லை.

கெட்ட எண்ணத்தோடு சொல்லப்படுவதல்ல இது. சொல்பவர்களில் பலர் தாங்களே டேங்கை முதுகில் சுமந்தவர்கள். ஆனாலும் ஆளைக் கொல்லக்கூடிய வாதம். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அதே ஆண்டு பெரம்பலூர் மாவட்டப் பருத்திக் காடுகளிலும் சாவு விழுந்தது.

முதலில் வெயிலை எடுத்துக்கொள்வோம். வெயிலில் ஒருவர் மயங்கி விழுவது உண்மைதான். வியர்த்து நனைந்த தோல் மருந்தைக் கூடுதலாக உள்ளே விடும் என்பதால் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் இரண்டையும் பிரித்தறிய முடியும். வெயிலில் நீர் வற்றியவருக்கு வாய் காய்ந்திருக்கும். புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற கரிம பாஸ்பரஸ் மருந்து ஏறியவருக்கு அதற்கு நேர்மாறாக எச்சில் ஊறி வழியும், கண்ணில் நீர் கொட்டும், வயிற்றைப் பிசைந்து வாந்தியோ பேதியோ வரும். நெஞ்சு இறுகிச் சளி கட்டியதுபோல் மூச்சிரைக்கும். கன்னத்திலும் தொடையிலும் சதை தானாகத் துடிக்கும். கண்மணி கடுகளவு சுருங்கி, நிழலுக்கு வந்த பிறகும் விரியாமல் இருக்கும். "எல்லாம் மங்கலாத் தெரியுது" என்று அவரே சொல்வார். எல்லா அடையாளமும் எல்லோருக்கும் வராது. ஆனாலும் எச்சில், சுருங்கிய கண்மணி, சதைத்துடிப்பு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே அதை வெயில் கணக்கில் எழுதக் கூடாது.

காரணம் நரம்பில் இருக்கிறது. நரம்பு சதைக்கும் சுரப்பிகளுக்கும் "வேலை செய்" என்று சொல்ல ஒரு வேதிப்பொருளை விடுகிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைத்து அடக்குவது கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. இந்த மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருப்பதால்தான் எச்சிலும் சளியும் நிற்காமல் சுரக்கின்றன. சதை துடித்துத் துடித்துக் கடைசியில் சோர்ந்துபோகிறது. சோர்வது மூச்சு விடும் சதையானால் ஆள் பிழைப்பது கடினம்.

"காலையில சரியாப் போயிடும்" என்பதில்தான் பெரிய ஆபத்து. தோல் வழியாகப் போன மருந்து மெதுவாகத்தான் வேலை காட்டும். மாலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் நள்ளிரவில் மூச்சுத் திணறலாம். முதல் அறிகுறிகள் அடங்கி, ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்துச் சதை தளர்ந்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போய், மூச்சும் தளர்வதை மருத்துவர்கள் தனியாகவே கவனிப்பார்கள். தேறிவிட்டார் என்று இரண்டாம் நாளே வீட்டுக்கு அழைத்துவந்து இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. மோரோ பாலோ தோலில் ஊறிய மருந்தை ஒன்றும் செய்யாது. நினைவு மங்கியவருக்கு ஊட்டினால் அது நுரையீரலுக்குள் இறங்கும். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் இதே ஆபத்துதான்.

அடுத்தது துண்டு. மருந்து மூக்கு வழியாகத்தான் ஏறும் என்ற நினைப்பு இதன் அடியில் இருக்கிறது. வயலில் தெளிப்பவருக்குப் பெரும்பகுதி மருந்து தோல் வழியாகவே போகிறது. அதிலும் எல்லாத் தோலும் ஒன்றல்ல. பாரத்தியான் என்ற மருந்தை வைத்து 1971இல் அமெரிக்காவில் மனிதர்களிடம் அளந்து பார்த்தார்கள். முன்கையில் தடவியதில் சுமார் 9 விழுக்காடு உள்ளே போனது; நெற்றியில் 36; அக்குளில் 64; விதைப்பையில் ஏறக்குறைய முழுவதும். ஒழுகும் டேங்கிலிருந்து முதுகு வழியாக இடுப்புக்கு இறங்கும் ஈரம், லுங்கியில் தொடைவரை நனைவது, பருத்தி ஆளுயரம் வளர்ந்த காட்டில் தலைக்கு மேல் அடித்து முகத்தில் படிவது ஆகியவற்றில் எதையும் மூக்குத் துண்டு தடுக்காது. நனைந்த துண்டு மருந்தை முகத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டிருக்கும். அதைவிடக் கட்டாமல் இருப்பதே மேல்.

கலக்கும் இடத்தில் கவனம் இன்னும் குறைவு. 50 ஈசி என்று எழுதிய புட்டியில் ஒரு லிட்டருக்கு சுமார் 500 கிராம் நஞ்சு இருக்கிறது. லிட்டருக்கு 2 மில்லி கலந்தால் தெளிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரே ஒரு கிராம். அப்படியானால் மூடியில் ஊற்றும்போது கையில் சிந்தும் 5 மில்லி, கலந்த மருந்து இரண்டரை லிட்டரைக் கையில் ஊற்றிக்கொண்டதற்குச் சமம். நைட்ரைல் ரப்பர் கையுறை முதலில் தேவைப்படுவது இங்கேதான். துணிக் கையுறை ஊறிப்போய் மருந்தைக் கையோடு கட்டிவைக்கும்.

முழு உடையும் கண்ணாடியும் காலணியும் மாட்டிக்கொண்டு 38 டிகிரி வெயிலில் ஆள் வேலை செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முடியாது. அதனால்தான் காலை ஒன்பது மணிக்குள் முடிக்கும் அளவுக்கு வேலையைப் பிரிப்பதும், டேங்கின் வாஷரை மாற்றுவதும், காற்று போகும் திசையில் நடக்கச் சொல்வதும், வயலிலேயே ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் மாற்று உடையும் வைப்பதும் தேவைப்படுகின்றன. இவற்றில் எதுவும் கூலியாள் கையில் இல்லை. நிலத்துக்காரர் கையில் இருக்கிறது. பூச்சிமருந்தைத் தெளிப்பவருக்கும் தகுந்த பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளே சொல்கின்றன.

"இருபது வருஷமா அடிக்கிறோம்" என்பவர் தன் மூன்று ஏக்கருக்குப் பருவத்துக்கு நாலைந்து முறை அடித்திருப்பார். கூலிக்கு அடிப்பவர் இன்று இவர் காடு, நாளை அவர் காடு என்று பருவம் முழுக்கத் தினமும் அடிக்கிறார். ரத்தச் சிவப்பணுக்களில் முடங்கிப்போன நொதி, புது அணுக்கள் வர வர ஒரு நாளைக்கு சுமார் ஒரு விழுக்காடுதான் மீள்கிறது. நேற்றைய குறை தீராமலே இன்றையது சேர்கிறது. கடைசி நாளில் வழக்கமான அளவுதான் அடித்திருப்பார், விழுவது அன்றுதான். எனவே இருவரின் அனுபவத்தையும் ஒரே தராசில் வைத்துப் பேச இடமில்லை.

இனி, மருந்தின் பெயர் எதற்கு என்ற கேள்வி. மாலை நாலரை மணிக்கு கூலியாளின் மனைவி நிலத்துக்காரருக்குப் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"ஐயா, காலையில ஏழு மணியிலேர்ந்து பதினொரு டேங்க் அடிச்சாரு. நீங்க குடுத்த புரோபனோபாஸ், டேங்குக்கு மூணு மூடி. கையுறை இல்லீங்க, துண்டுதான். டேங்க் ஒழுகி முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு. ரெண்டு மணிக்குத் தலைவலின்னாரு, இப்ப ரெண்டு தடவ வாந்தி, எச்சி வடியுது, கண்ணு மங்குதுங்கறாரு."

மருத்துவருக்கு வேண்டிய அத்தனையும் இந்தப் பேச்சில் இருக்கிறது. புரோபனோபாஸ் என்றால் அட்ரோபின். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைக் கூட்டி, நெஞ்சில் சளி இரைச்சல் தெளியும்வரை கொடுப்பார்கள். பிராலிடாக்சிம் தேவையா என்பதும் முடிவாகும். அதே புட்டியில் சைபர்மெத்ரினும் கலந்திருந்தால் முகத்தில் எரிச்சலும் ஊரலும் கூடுதலாக வரும்; அதற்கு மாற்று மருந்து இல்லை, அட்ரோபினும் தீர்க்காது. அவர் அடித்தது களைக்கொல்லியான பாராகுவாட் என்றால் கதையே வேறு. அதற்கும் மாற்று மருந்து கிடையாது; எல்லா அவசர வார்டிலும் உடனே வைக்கும் ஆக்சிஜனே நுரையீரலை மேலும் கெடுக்கக்கூடும் என்பதால், உடலில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தாலொழிய வைக்கத் தயங்குவார்கள். "ஏதோ பூச்சிமருந்துங்க" என்று சொன்னால் மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

நிலத்துக்காரர் அப்போது செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. சட்டை, லுங்கியைக் கழற்றி, சோப்பு போட்டுத் தலைமுடி, அக்குள், தொடை இடுக்கு, நக இடுக்கு என்று கழுவச் சொல்ல வேண்டும். கழுவுபவர் கையில் ரப்பர் கையுறையோ பாலித்தீன் பையோ இருக்க வேண்டும். 108க்கு அழைக்க வேண்டும். மருந்துப் புட்டியை, லேபிளோடு, நோயாளியுடன் அனுப்ப வேண்டும். லேபிளில் மருந்தின் பெயரும் செறிவும் மாற்று மருந்தும் அச்சாகியிருக்கும். நச்சுத்தன்மையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை வண்ணச் சாய்சதுரமும் இருக்கும். வேறு புட்டியில் ஊற்றிக் கொடுத்திருந்தால் கடைக்குப் போன் செய்து பில்லைப் பார்க்கலாம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் மருத்துவரே அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

நிலத்துக்காரர் பலர் சேதியை மூடப் பார்ப்பது இழப்பீட்டுக்குப் பயந்துதான். ஆனால் வேளாண்மையில் பூச்சிமருந்து தெளிப்பவரை 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமே தன் பட்டியலில் சேர்த்திருந்தது; சேதியை மறைத்து அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. நாள், மருந்தின் பெயர், தொகுப்பு எண், எத்தனை டேங்க், என்ன உடை, எத்தனை மணிக்கு என்ன அறிகுறி என்று அன்றே எழுதிவைத்த ஒரு தாள் இருவருக்கும் பயன்படும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் எப்போது மீண்டும் டேங்கைத் தூக்கலாம் என்பதற்கும் அந்தத் தாளும் ரத்தத்தின் கோலினெஸ்டரேஸ் அளவும்தான் பதில் சொல்லும். அந்த அளவு பழைய நிலைக்கு வரச் சில வாரங்களாவது ஆகும். அதுவரை களையெடுப்பு, வரப்பு வேலை என்று வேறு வேலைதான், அதுவும் மருந்தடித்த ஈரம் காயாத காட்டில் அல்ல.