மாத்திரையை நிறுத்திய மரகதம்

தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண். பெயர் மரகதம் என்று வைத்துக்கொள்வோம். வயது 52.

தலை கிறுகிறுக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தக் கொதிப்பு 170/100 இருந்தது. இரண்டாம் முறை போனபோதும் குறையவில்லை. 'அம்லோடிபின்' 5 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அளந்தபோது 128/80.

"கொதிப்பு நார்மலாகிவிட்டது" என்றார் நர்சு. மரகதத்துக்கு மகிழ்ச்சி. மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டாள்!

ஒன்றும் ஆகவில்லையே!

ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. அந்த மாத்திரையின் வேகம் உடம்பை விட்டு நீங்கச் சில நாள் பிடிக்கும். அது மரகதத்துக்குத் தெரியாது. "மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்" என்று மகளிடம் பெருமையாகச் சொன்னாள்.

நான்கு மாதம் கழிந்தது. சளிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் நர்சு கையில் பட்டையைச் சுற்றினார். 196/112!

நர்சு பதறவில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரச் சொன்னார். பேசவிடாமல் மறுபடி அளந்தார். 190/110.

டாக்டர் கேட்டார்: "நெஞ்சு வலிக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? கை கால் ஒரு பக்கம் மரத்துப்போகிறதா? பேச்சு குழறுகிறதா? பார்வை மங்குகிறதா?"

"ஒன்றும் இல்லை ஐயா. நன்றாகத்தான் இருக்கிறேன்."

இதில் ஒன்று இருந்திருந்தாலும் உடனே 108 ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள்.

இரண்டு மாத்திரை கேட்ட மகள்

"ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்து இப்போதே இறக்கிவிடுங்கள் ஐயா" என்று மகள் அழுதாள்.

"கூடாது அம்மா. கொதிப்பு திடீரென்று விழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். மயக்கம் வரும். பழைய மாத்திரையே போதும். மூன்று நாளில் அழைத்து வா" என்றார் டாக்டர். பிறகு மரகதத்தைப் பார்த்தார்.

"அன்று 128 காட்டியதே, அது நோய் போன கணக்கு அல்ல அம்மா. மாத்திரை வேலை செய்த கணக்கு!"

மூன்று நாளில் கொதிப்பு இறங்கத் தொடங்கியது. ஒரு மாதத்தில் 134/84.

யார் குற்றம்?

மரகதத்தை மட்டும் குறை சொல்வது நியாயமா? காய்ச்சல் விட்டால் மருந்தை நிறுத்துகிறோம். அதே வழக்கத்தில்தான் இதையும் நிறுத்தினாள். ரத்தக் கொதிப்பு அப்படிப்பட்டதல்ல. 190 இருந்தபோதும் அவளுக்குத் தலைவலிகூட இல்லை. உடம்பு சொல்லாது, கருவிதான் சொல்லும்.

உப்பையும் உடல் எடையையும் குறைத்தவர்களுக்கு டாக்டரே மாத்திரையைக் குறைப்பதும் உண்டு. ஆனால் அளந்து பார்த்துத்தான் குறைப்பார். அதை நோயாளி தாமாகச் செய்யக்கூடாது.

"நார்மல்" என்று சொன்ன அன்றே, "மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்" என்றும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை நான்கு மாத ஆபத்தைத் தடுத்திருக்கும்.