ஏழு மாதம் யாருடைய மேசையில்?

டிசம்பர் மாதம் எந்தப் பிரதேச செயலகத்துக்குப் போனாலும் ஒரு அதிசயம் பாக்கலாம். பதினொரு மாதம் அசையாத கோப்புகள் எல்லாம் ஓடும். 31 ஆந் திகதிக்குள்ள செலவழியாத நிதி காலாவதியாகிவிடும், அதுதான் அவசரம்.

எங்கட தோழி ஒருத்தி அபிவிருத்தி உத்தியோகத்தர். வேலைக்குப் போய் மூன்று வருடம். அவளிடம் இருந்த கோப்பு ஒரு சின்ன மதகு. வேலை செய்வது கிராம அபிவிருத்திச் சங்கம். மதிப்பீடு போய் அங்கீகாரமாகி வர ஏழு மாதம். இடையில் ஒருமுறை கோப்பு திரும்பி வந்தது, மினிட் தாளில் ஒரேயொரு சொல்: 'கதைக்கவும்'. கதைக்கப் போனால் எழுதினவர் லீவு. மூத்த உத்தியோகத்தரிடம் கேட்டதுக்கு, "நீர் நேற்று வந்தனீர், பிள்ளை. நாங்கள் இருபது வருசம் இப்பிடித்தான் பாக்கிறம்."

வருடக் கடைசியில் கொங்கிறீட் போட்டாச்சு, பக்கச் சுவர்கள் இல்லை. ஆனால் வேலை முழுக்க முடிந்ததாகக் களவிஜய அறிக்கையில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். "ஜனவரியில கட்டுவினம். காசு திரும்பப் போனா உம்மைத்தான் கேப்பினம்."

அவள் கேட்டது ஒண்டுதான்: "சேர், அதை மினிட்டில எழுதித் தருவீங்களா?"

எழுதித் தரவில்லை. வாய்மொழிக் கட்டளைக்குத் தடயம் இல்லை. நாளைக்குக் கணக்காய்வு வினா வந்தால் கோப்பில் இருக்கப்போவது அவளுடைய கையெழுத்து மட்டும். 'பக்கச் சுவர்கள் கட்டப்படவில்லை' என்று உள்ளதை எழுதிக் கொடுத்தாள். முடிந்த வேலைக்கு மட்டும் காசு போனது, மிச்சம் காலாவதி. சங்கத்து ஆக்களுக்கு அவளில்தான் கோபம். அதையும் பிழை சொல்ல ஏலாது, மழைக்குக் கரையுறது அவையளின்ர மண். அலுவலகத்தில் அவளுடைய சம்பள ஏற்றப் படிவம் மேசையிலேயே கிடந்தது, லீவு கிடைக்கவில்லை.

பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்தானே என்பீர்கள். மேன்முறையீடு திணைக்களத் தலைவர் 'ஊடாக' போகவேணும். யாரைப் பற்றி முறையிடுகிறோமோ, கடிதம் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போகும். முற்பிரதி ஒன்றை நேரே அனுப்பி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டை வைத்திருக்கலாம். ஆனால் பதில் வரும்வரை அதே கதிரையில்தான் இருக்கவேணும்.

எங்களுக்குப் படுவது, இதில் உள்ளே இருக்கிறவளை விட வெளியே இருக்கிறவருக்குக் கை நீளம். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்தக் கோப்பின் மினிட் தாள் பிரதியைச் சங்கமே கேட்கலாம். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்கவேணும். ஏழு மாதமும் கோப்பு யாருடைய மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதைத் திகதிகள் சொல்லும். அவள் எழுதினதும் அதிலேயே இருக்கும்.

போன கிழமை சங்கச் செயலாளர் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். "உது ஆர் சொல்லித் தந்தது, அண்ணை?" என்று கேட்டார்களாம். எங்கட தோழி தலையை நிமிர்த்தாமல் ரைப் பண்ணிக்கொண்டிருந்தாள்.