24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்தால் பணம் திரும்பாது: இந்த விதி எங்கே வளைய வேண்டும்?

"மேடம், நாளைக்கு வர முடியல. அமவுண்ட்ட ரீஃபண்ட் பண்ணிடுங்க."

தனியாக கிளினிக் நடத்தும் மனநல ஆலோசகர்களுக்கு இது பழகிப்போன மெசேஜ். '24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்தால் கட்டணம் திரும்பத் தரப்படாது' என்று புக்கிங் பக்கத்தில் எழுதியிருக்கும். 'ஒரு மெசேஜ்ல சொல்லிட்டேனே, இதுக்குப் போய் முழுப் பணமா?' என்று கிளையன்ட்டுக்குக் கோபம் வரும்.

இந்த விதி தேவைதான். ஆனால், எல்லோருக்கும் ஒரே மாதிரி அதை நீட்டுவது நியாயம் ஆகாது.

விதி எதற்காக?

ஓர் உதாரணம். ஒரு கவுன்சிலர் ஒரு நாளில் ஐந்து பேரைத்தான் பார்க்கிறார், ஒரு செஷனுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை காலை 11 மணி செஷனை ஒருவர் வியாழன் இரவு 9 மணிக்கு கேன்சல் செய்கிறார். இடையில் இருப்பது 14 மணி நேரம், அதிலும் பாதி தூக்கத்தில் போய்விடும். அந்த நேரத்துக்கு இன்னொருவர் கிடைப்பது கஷ்டம். அந்த நாள் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, அறை வாடகை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே, 'ஆபிஸ்ல மீட்டிங் வந்துடுச்சு', 'மறந்தே போயிட்டேன்' என்பதற்கெல்லாம் விதி நிற்பதில் தவறில்லை.

எது உண்மையான விதிவிலக்கு?

அதே வியாழன் இரவு, அம்மாவை ஐ.சி.யு.வில் சேர்த்துவிட்டு ஒருவர் மெசேஜ் போடுகிறார் என்றால் கதையே வேறு. முன்கூட்டியே தெரிந்திருக்க முடியுமா, தெரிந்ததும் சொன்னாரா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டாலே போதும். திடீர் காய்ச்சல், வீட்டில் மரணம், விபத்து எல்லாம் இதில் வந்துவிடும். மூன்று வாரம் முன்பே தேதி குறித்த கல்யாணம் வராது.

இங்கே பலர் செய்யும் தவறு, ஆதாரம் கேட்பது. 1,500 ரூபாய்க்காக டிஸ்சார்ஜ் சம்மரியை அனுப்பச் சொன்னால், பொய் சொல்பவர் எப்படியாவது ஒன்றை அனுப்பிவிடுவார். உண்மையைச் சொன்னவர் அடுத்த முறை வரவே மாட்டார். அதைவிட, 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை, காரணம் கேட்காமல் விட்டுக்கொடுப்போம்' என்று விதியிலேயே எழுதிவிடலாம். யார் உருக்கமாகப் பேசுகிறார் என்பதைப் பொறுத்து முடிவு மாறாது. அதே நபர் திரும்பத் திரும்பக் கேட்டால், அந்தக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

கேட்பதும் சொல்வதும்

கேன்சல் செய்பவர் நீளமாக விளக்க வேண்டியதில்லை. "மேடம், அம்மாவ இப்பதான் ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். நாளைக்கு 11 மணிக்கு வர முடியாது. டைம் தாண்டிடுச்சுன்னு தெரியும். இந்தக் கட்டணத்த அடுத்த செஷனுக்கு மாத்த முடியுமா?" இவ்வளவு போதும். இதில் விதியை ஒப்புக்கொள்கிறார். ரீஃபண்டுக்குப் பதிலாகத் தேதி மாற்றம் கேட்கிறார். கொடுப்பவருக்கும் அதுதான் சுலபம்.

பதிலும் அப்படியே இருக்கலாம்: "அம்மாவ பாத்துக்கோங்க. கட்டணம் அடுத்த செஷனுக்கு இருக்கட்டும். தேதிய அப்புறம் பேசிக்கலாம்." 'இந்த ஒரு தடவை மட்டும்தான்' என்ற எச்சரிக்கை அந்த இரவுக்குத் தேவையில்லை.

மறுக்க வேண்டி வந்தாலும் பாடம் எடுக்க வேண்டாம். "இந்த செஷனுக்குக் கட்டணம் உண்டு. நேர்ல வர முடியலன்னா அதே நேரத்துல வீடியோ கால்ல பேசலாமா?" என்று கேட்டால், பல நேரங்களில் கேன்சலே தேவைப்படாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருப்பதாலேயே முழுவதையும் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 74, அந்தத் தொகையை உச்சவரம்பாக வைத்து, நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. இழப்பே இல்லாத இடத்தில் இந்தப் பிரிவின்படி இழப்பீடு கேட்க முடியாது என்று 2015-இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது நில ஏலம் தொடர்பான வழக்குதான். ஆனால், அதன் தர்க்கம் இங்கும் பொருந்தும்: அந்த 11 மணிக்கு காத்திருப்புப் பட்டியலில் இருந்த வேறொருவர் வந்து பணம் கட்டிவிட்டால், முதல் ஆளின் 1,500 ரூபாயையும் வைத்துக்கொள்வது ஒரே நாற்காலியை இரண்டு முறை விற்பதுதான். காரணம் எதுவாக இருந்தாலும் அதைத் திருப்பித் தருவதே நியாயம்.

இதையும் விதியிலேயே எழுதிவைக்கலாம். கூடவே இன்னொரு வரியும் வேண்டும்: கவுன்சிலர் 24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்தால் கிளையன்ட்டுக்கு என்ன கிடைக்கும்? அந்த வரி இல்லாத விதி, ஒரு பக்கம் மட்டுமே பேசுகிறது.