தறி இப்பவே வாங்கலாமா, ஒரு வருஷம் பொறுக்கலாமா? அமெரிக்க வரியும் சேலம் கணக்கும்

2025 ஆகஸ்ட் 27. அன்றுதான் அமெரிக்காவுக்குப் போகும் பெரும்பாலான இந்தியப் பொருட்கள் மீதான வரி 50% ஆனது. ஆகஸ்ட் 7-ல் 25%, ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குவதற்காகக் கூடுதலாக இன்னொரு 25%. துண்டு, பெட்ஷீட், கிச்சன் டவல் நெய்து அனுப்பும் கொங்கு வட்டாரத்துக்கு அது நேரடி அடி. அதே மாதம் வங்கதேசத்துக்கு 20%, பாகிஸ்தானுக்கு 19%தான் வரி.

அப்போது பலருடைய மேஜையில் ஒரு கொட்டேஷன் கிடந்திருக்கும். புதுத் தறிக்கான விலைப்பட்டியல். வாங்கலாமா, வேண்டாமா என்பது பழைய கேள்வி. இப்போ வந்திருப்பது வேற கேள்வி: இன்றைக்கா, ஒரு வருஷம் கழிச்சா?

ஒரு அப்பா, ஒரு மகள், ரெண்டு கோடி

ஏற்காடு மலையடிவாரத்தை ஒட்டி, சேலத்துக்கு வடக்கே இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. அங்கே ஒரு சின்ன நெசவு யூனிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (யூனிட்டும் ஆட்களும் கற்பனை. கீழே வரும் ரூபாய்க் கணக்கும் விளக்கத்துக்காகப் போட்டதுதான்.) ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஜாப் ஒர்க்கில் துணி நெய்து தருகிறார்கள். எட்டு ரேப்பியர் தறி வாங்கி, ஷெட்டும் போட்டால் செலவு 2 கோடி ரூபாய்.

வரி குறைந்து ஆர்டர் நன்றாக வந்தால், எல்லாச் செலவும் போக வருஷத்துக்கு 70 லட்சம் கையில் நிற்கும். வரி அப்படியே நீடித்தால் 25 லட்சம்தான். ரெண்டுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தறி ஏழு வருஷம் ஓடும். பணத்தின் விலை 12%, அதாவது அந்த 2 கோடியை வேறு இடத்தில் போட்டால் கிடைக்கக்கூடிய வருமானம்.

அப்பா ஆர்டர் கொடுக்கத் தயார். "இப்ப வாங்கலைன்னா எப்பத்தான் கண்ணு வாங்கறது? சராசரி பார்த்தாலே லாபம் வருதே" என்கிறார். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் மகள், "லாபம்தான்ப்பா. ஆனா பொறுத்தா எவ்வளவுன்னு இன்னும் பார்க்கலையே" என்கிறாள்.

முதலில் அப்பாவின் கணக்கு. 70-க்கும் 25-க்கும் சராசரி 47.5 லட்சம். ஏழு வருஷத்துக்குக் கூட்டினால் 3.3 கோடிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் ஏழாம் வருஷம் வரும் ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றில்லை. ஒவ்வொரு வருஷத்துக்கும் 12% கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 2 கோடியே 17 லட்சம். முதலீட்டைக் கழித்தால் மிச்சம் 17 லட்சம். இதைத்தான் நிகர இன்றைய மதிப்பு, சுருக்கமாக என்.பி.வி. என்கிறார்கள். பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் முதலீடு செய்யலாம் என்பது பாடப்புத்தக விதி. வங்கிக்குக் கொடுக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும்.

பொறுத்தால் என்ன கிடைக்கும்?

மகள் போடும் கணக்கு இது. ஒரு வருஷம் கழித்து வரி நிலவரம் தெரிந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல செய்தி வந்தால் அப்போது தறி வாங்கலாம். வருஷத்துக்கு 70 லட்சம் வீதம் அன்றைய மதிப்பு 3 கோடியே 19 லட்சம். 2 கோடி போக 119 லட்சம் லாபம். கெட்ட செய்தி வந்தால் வாங்கவே வேண்டாம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

119 லட்சத்துக்கும் பூஜ்யத்துக்கும் சராசரி சுமார் 60 லட்சம். அது ஒரு வருஷம் தள்ளி வருவதால் 12% குறைத்தால் இன்றைய மதிப்பு 53 லட்சம்.

இப்பவே வாங்கினால் 17 லட்சம். பொறுத்தால் 53 லட்சம். நடுவில் இருக்கும் 36 லட்சம்தான் பொறுப்பதற்கான மதிப்பு. தறி வாங்குவது லாபம்தான் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் வாங்கிய அந்த நிமிஷமே "வேண்டாம்னு சொல்ற உரிமை" கையை விட்டுப் போகிறது. அந்த உரிமைக்கும் ஒரு விலை உண்டு. அப்பாவின் கணக்கில் அது இல்லை.

நல்ல செய்தி ஏன் பெரிதாகக் கணக்கில் வருவதில்லை?

இந்த விஷயத்தில் பலரும் தடுமாறும் இடம் இதுதான். பின்னாளில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவரான பென் பெர்னான்கே, 1983-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதை விளக்கினார். திரும்பப் பெற முடியாத முதலீட்டைத் தள்ளிப்போடலாமா என்று முடிவு செய்யும்போது, முக்கியமாகப் பார்க்க வேண்டியது கெட்ட செய்தி எவ்வளவு கெட்டது என்பதைத்தான் என்றார் அவர்.

நம்ம யூனிட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நல்ல காலத்து வருமானம் 70-க்குப் பதில் 90 லட்சம் என்று மாற்றினால், இப்பவே வாங்குவதன் மதிப்பு 62 லட்சம், பொறுப்பதன் மதிப்பு 94 லட்சம். ரெண்டும் ஏறுகின்றன. இடைவெளி 36-லிருந்து 32-க்குத்தான் குறைகிறது. நல்ல செய்தி வந்தால் எப்படியும் வாங்கத்தான் போகிறோம், அதனால் முடிவு பெரிசா மாறலை.

மாறாக, கெட்ட காலத்து வருமானம் 25-க்குப் பதில் 5 லட்சம் என்று போட்டால்? பொறுப்பவருக்கு ஒன்றும் ஆகாது, அதே 53 லட்சம். இப்பவே வாங்கியவருக்கோ 29 லட்சம் நஷ்டம். இடைவெளி 82 லட்சமாகத் தாவுகிறது. "டிமாண்ட் வந்தா செமையா வரும் சார்" என்று மெஷின் விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது இன்றைக்கே வாங்குவதற்கான காரணம் ஆகாது. கேட்க வேண்டியது, வராவிட்டால் இந்தத் தறியை என்ன செய்வது என்பதை.

தறியைத் திருப்பி விற்க முடிந்தால்?

கணக்கு உடனே மாறும். கெட்ட செய்தி வந்ததும் மொத்தத்தையும் 1.5 கோடிக்கு விற்றுவிடலாம் என்று வைத்துக்கொண்டால், இப்பவே வாங்குவதன் மதிப்பு 17 லட்சத்திலிருந்து 38 லட்சமாக ஏறுகிறது. சுமார் 1.85 கோடி கிடைத்தால் பொறுப்பதும் வாங்குவதும் சமம்.

ஆனால் ஒரு வருஷம் ஓடிய தறிக்கு அந்த விலை கிடைக்குமா? இங்கே ஒரு சிக்கல். நம்ம தறியை விற்க நினைக்கும் அதே நேரத்தில், அதே வரியால் அடிபட்ட பக்கத்து யூனிட்டும் விற்கத்தான் நிற்கும். வாங்க ஆள் இருக்காது. போட்ட ஷெட், இழுத்த பவர் கனெக்‌ஷன் இதையெல்லாம் பெயர்த்து எடுத்துக்கொண்டும் போக முடியாது. அதனால் செகண்ட் ஹேண்ட் விலையை இன்றைய மார்க்கெட்டில் கேட்டு எழுதக் கூடாது. கெட்ட காலத்தில் என்ன விலை போகும் என்றுதான் யோசிக்க வேண்டும். உள்ளூர் மார்க்கெட்டுக்கும் நெய்யக்கூடிய அகலத்தில் தறி வாங்கினால் பாதி பிரச்சினை தீரும். அப்போது கெட்ட காலத்து 25 லட்சமே கூடும்.

அப்போ எல்லாரும் பொறுக்கலாமா?

இல்லை. மகளின் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு வருஷம் கழித்தும் அதே 70 லட்சம் காத்திருக்கும் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். ஏற்றுமதியாளர் அதுவரை சும்மா இருப்பாரா? வேறு யூனிட்டைப் பிடிப்பார். அமெரிக்க பையர் கராச்சிக்குப் போனாலும் போவார். பையர் ஒருமுறை சாம்பிள் அப்ரூவல், ஃபேக்டரி ஆடிட் எல்லாம் முடித்து வேறு இடத்தில் செட்டில் ஆகிவிட்டால் திரும்ப வரவழைப்பது லேசில்லை.

தாமதத்தால் நல்ல காலத்து வருமானம் 70-லிருந்து 52 லட்சமாகக் குறையும் என்றால் பொறுப்பதன் மதிப்பும் 17 லட்சத்துக்கு வந்துவிடும். அதற்கும் கீழே போனால் அப்பா சொன்னதுதான் சரி. ஆக, அப்பாவும் மகளும் உட்கார்ந்து பேச வேண்டியது ஒரே ஒரு எண்ணைப் பற்றி: ஒரு வருஷம் தள்ளினால் நம்ம பையரிடம் எவ்வளவு இழப்போம்?

நடுவழி ஒன்றும் உண்டு. எட்டில் ரெண்டு தறியை மட்டும் இப்போ வாங்குவது. முதலீட்டில் கால் பங்கு, 50 லட்சம். அந்த ரெண்டின் மதிப்பு 4 லட்சம், பொறுத்து வாங்கும் மீதி ஆறின் மதிப்பு 40 லட்சம், மொத்தம் 44 லட்சம். முழுசாகப் பொறுப்பதைவிட 9 லட்சம் குறைவு. அந்த 9 லட்சத்தைப் பையரைக் கையில் வைத்திருக்கக் கொடுக்கும் விலையாகப் பார்க்கலாம். பையர் போனால் 9 லட்சத்துக்கு மேல் நஷ்டம் என்று தெரிந்தால் ரெண்டு தறி வாங்குவது நியாயமான முடிவு. ஆனால் ஷெட்டை எட்டுத் தறிக்கும் சேர்த்து முதலிலேயே கட்டிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. திரும்ப வராத பணம் அதில்தானே இருக்கிறது!

ஒரு வருஷத்தில் தெளிவு வந்ததா?

பொறுப்பதற்கு மதிப்பு வருவதே, அந்த நேரத்தில் செய்தி வரும் என்பதால்தான். 2025 ஆகஸ்டில் பொறுத்தவர்களுக்கு என்ன நடந்தது? 2026 பிப்ரவரி 2 அன்று இந்தியாவுக்கான வரி 18% ஆகக் குறையும் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்தார். அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள், பிப்ரவரி 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவசரநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டத்தின் கீழ் இப்படி வரி போடவே அதிபருக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. உடனே வேறொரு சட்டப்பிரிவில் 150 நாளுக்குத் தற்காலிக வரி போடப்பட்டது.

50% என்ற மோசமான நிலை விலகியது, அது பெரிய செய்திதான். பெர்னான்கே சொன்ன அந்தக் கெட்ட பக்கம் சுருங்கிவிட்டது. அதற்கு அடுத்த கட்டமாக நிரந்தர வரி எவ்வளவு என்று தெரியும்வரை இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாமா என்றால், ஆகஸ்டில் போட்ட கணக்கை அப்படியே எடுத்துக் காட்ட முடியாது. கெட்ட காலத்து வருமானம் 25 லட்சத்துக்குப் பதில் 45 லட்சம் என்று வந்தால், அந்த நிலையிலும் தறி போட்ட பணத்தை எடுத்துவிடும். எந்தச் செய்தி வந்தாலும் வாங்கத்தான் போகிறோம் என்றால், அந்தச் செய்திக்காகக் காத்திருக்க ஒன்றும் இல்லை.